மது இல்லாத கல்யாண டின்னர்: ஏழு மணிக்கும் எட்டரைக்கும் நடுவில்

கேள்வி: வணக்கம். நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்குத் திருமணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, அன்று மாலையே மண்டபத்தில் டின்னர். 250 பேர் வருவார்கள். என் கணவர் ஈரலில் கோளாறு வந்து குடியை விட்டுப் பத்து மாதம் ஆகிறது. மருமகள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. மகனின் மலாய்க்கார நண்பர்களும் இரண்டு மேசைக்கு வருகிறார்கள். அதனால் மது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் கணவரின் அண்ணன் தம்பிகளும் துறைமுக நண்பர்களும் "தண்ணி இல்லாம டின்னரா? அப்ப நாங்க எதுக்கு?" என்கிறார்கள். மூத்தார் வரமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். யார் மனமும் நோகாமல் இதை எப்படி நடத்துவது? அழைப்பிதழில் போட வேண்டுமா?
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்:

அன்புள்ள சகோதரி,

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் கல்யாண டின்னர்களை ஏற்பாடு செய்வதுதான் என் தொழில். மது இல்லாத டின்னர்கள் பல நன்றாக நடந்திருக்கின்றன, சில சொதப்பியும் இருக்கின்றன. சொதப்பியவற்றில் எல்லாம் கோளாறு ஒரே இடத்தில்தான் இருந்தது: முதல் ஒன்றரை மணி நேரம்.

நம் டின்னர்கள் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். கார்டில் மாலை 7 மணி என்று இருக்கும். முதல் ஆட்கள் ஏழேகாலுக்கு வருவார்கள், பாதி மண்டபம் எட்டு மணிக்கு நிறையும், மாப்பிள்ளையும் பெண்ணும் எட்டரைக்கு மேல் உள்ளே நுழைவார்கள். அப்புறம் கேக், பேச்சு, வீடியோ. சாப்பாட்டு மேசையைத் திறக்கும்போது மணி ஒன்பதேகால். வேலையிலிருந்து நேராக வந்த ஆள் இரண்டு மணி நேரம் பசியோடு, புழுக்கத்தோடு, கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். மற்ற டின்னர்களில் இந்த வெற்று நேரத்தை பீர்தான் நிரப்புகிறது. மேசையில் பாட்டில் இருந்தால் சாப்பாடு தாமதமாவதை யாரும் கவனிப்பதில்லை. பீரை மட்டும் எடுத்துவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தை அப்படியே விட்டால், எட்டு மணிக்கு ஆண்கள் இருவர் இருவராகக் கார் பார்க்குக்குப் போவார்கள். அங்கே ஒருவர் காரின் பின்பெட்டியைத் திறப்பார். உங்கள் மது இல்லாத டின்னர் வெளியே மதுவோடு நடக்கும்.

ஆகவே எதை எடுக்கிறோம் என்பதைவிட, அந்த நேரத்தில் எதை வைக்கிறோம் என்பதில் உங்கள் கவனம் இருக்கட்டும். உங்கள் டின்னரை நான் ஏற்பாடு செய்தால் எப்படிச் செய்வேனோ அப்படியே சொல்கிறேன்.

முதலில் மண்டபம். முன்பணம் கட்டிவிட்டீர்களா? ஒப்பந்தத்தில் 'கார்க்கேஜ்' என்ற வரியைப் பாருங்கள். வெளியிலிருந்து பாட்டில் கொண்டு வந்தால் மண்டபம் வாங்கும் கட்டணம் அது. அந்த வரி இருக்கும்வரை கட்டணத்தைக் கட்டினால் கொண்டு வரலாம் என்றுதான் பொருள். உங்கள் நிகழ்ச்சிக்கு வெளி மதுவுக்கே அனுமதி இல்லை என்று நிர்வாகியிடம் சொல்லி எழுத்தில் மாற்றி வாங்குங்கள். மண்டபப் பணியாளர்கள் யாரும் அதற்குக் கிளாஸோ ஐஸோ எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள். பேக்கேஜில் பீர் சேர்ந்து வந்தால் அதற்குப் பதிலாக முன்தீனி வகை இரண்டு கூடுதலாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

அழைப்பிதழில் போட வேண்டாம். கார்டு எல்லார் கைக்கும் போகிறது. குடிக்காதவருக்கு அந்த வரி தேவையில்லை, குடிக்கிறவருக்கோ நல்ல காரியத்துக் கார்டிலேயே தன்னைக் கண்டித்ததுபோல் இருக்கும். ஆனால் சொல்லாமலும் விடக் கூடாது. வாசலுக்கு வந்த பிறகு தெரிந்துகொள்வதுதான் மிக மோசம். ஏமாந்த கோபத்தில் நேராகப் பக்கத்துக் கடைக்குத்தான் போவார்கள்.

அதனால் இரண்டு படியாகச் சொல்லுங்கள். சொந்தத்தில் குடிக்கிற கூட்டத்துக்குத் தலைவர்கள்போல் நாலைந்து பேர் இருப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த நாலைந்து பேரிடம் மூன்று வாரம் முன்பே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சொல்லாதீர்கள், அங்கே ஒருவர் கேலியாக ஒன்று போட்டால் பத்துப் பேர் சேர்ந்துகொள்வார்கள். போக வேண்டியது மாப்பிள்ளைதான். உங்கள் கணவரை அனுப்பாதீர்கள். அவர் போனால் பேச்சு அவர் உடம்பைப் பற்றியும், அவர் எத்தனை மாதம் தாங்குவார் என்பதைப் பற்றியும் திரும்பிவிடும். மகன் போய், "பெரியப்பா, டின்னர்ல தண்ணி இல்ல. இது நானும் அவளும் சேர்ந்து எடுத்த முடிவு. எட்டு மணிக்குள்ள உங்க மேசைக்கு மட்டன் வந்துடும். நீங்க முன்னால இருக்கணும்" என்று சொன்னால் போதும். காரணத்தை நீட்ட வேண்டாம். அப்பாவின் ஈரல், பெண் வீட்டார் வழக்கம், மலாய் நண்பர்கள் என்று அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். "அவங்களுக்குத் தனி மேசை போடு, எங்களுக்கு ஒரு மூலையைக் கொடு" என்று பேரம் தொடங்கிவிடும்.

மற்றவர்களுக்கு ஒரு வாரம் முன்பு நினைவூட்டல் அனுப்புவீர்கள் அல்லவா? அதில் நேரத்தோடு சேர்த்து எழுதிவிடுங்கள். மாதிரிக்கு: "மாலை 6.45க்கு பானங்களும் சூடான பலகாரங்களும் தயாராக இருக்கும். மணமக்கள் 7.45க்கு வருவார்கள். இரவு உணவு 8.15. மது பரிமாறப்படாது. குடும்பத்தோடு வாருங்கள்." நடுவில் ஒரு வரியாக வரும்போது அது ஒரு தகவலாகப் போய்ச் சேரும்.

இதில் எழுதிய நேரத்தைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் கடினம். காலையில் கோயிலில் கல்யாணம் முடிந்து, மதியம் வீடு, மாலை அலங்காரம் என்றால் பெண் எட்டரைக்குத்தான் தயாராவாள். அலங்காரக்காரரிடம் உண்மையான நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லி வையுங்கள். வெளிப்புறப் படப்பிடிப்பை அன்று வேண்டாம் என்று தள்ளுங்கள். அப்படியும் தாமதமானால் மணமக்களுக்காகச் சாப்பாட்டை நிறுத்தி வைக்காதீர்கள். எட்டேகாலுக்குத் திறக்கலாம் என்று கேட்டரிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அன்று யாரும் உங்களைத் தேடி வந்து கேட்க மாட்டார்கள்.

இனி பானங்கள். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் கைவிடுகிறார்கள். சிராப், ஆரஞ்சு கோர்டியல், மேசைக்கு இரண்டு பெரிய பாட்டில் கோலா. இவ்வளவுதான். ஐம்பது வயது ஆளுக்கு பேப்பர் கப்பில் சிவப்புச் சிராப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வந்ததுபோல்தான் அவருக்கு இருக்கும். அதுவும் இனிப்பு பானம் ஒரு கிளாஸுக்கு மேல் இறங்காது. பீரை இரண்டு மணி நேரம் வைத்துக் குடிக்க முடிவதற்கு அது இனிக்காமல் இருப்பதும், சில்லென்று நுரைத்து வருவதும் ஒரு காரணம். ஆகவே புளிப்பு, உப்பு, இஞ்சிக் காரம், சோடா என்ற பக்கம் போங்கள். பினாங்கில் இதற்குப் பஞ்சமே இல்லை. அசாம்போய் போட்ட அம்ரா ஜூஸ், பாலிக் புலாவ் பக்கத்து ஜாதிக்காய் ஜூஸ், எலுமிச்சை அசாம்போய், இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட நீர்மோர். மோர் பெரியவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, பெரிய உதவி. எதில் சர்க்கரை இல்லை என்று சிறு அட்டையில் எழுதி வைத்தால் அவர்கள் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியதில்லை.

துறைமுக நண்பர்களுக்கு நான் வைப்பது இஞ்சி எலுமிச்சை சோடா. அரைக் கிலோ முற்றிய இஞ்சியைத் தட்டி, 600 கிராம் சர்க்கரையோடு ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் சிறு தீயில் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். ஆறியதும் ஃப்ரிஜ்ஜில் வைக்கலாம், முதல் நாளே செய்துவிடலாம். பரிமாறும்போது ஒரு கிளாஸுக்கு இந்தப் பாகு 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, கிளாஸ் நிறைய ஐஸ், மேலே சில்லென்ற சோடா 200 மில்லி. ஒரு காய்ச்சலில் ஏறக்குறைய நாற்பது கிளாஸ் வரும். சோடாவைக் கலந்து டிரம்மில் ஊற்றி வைக்காதீர்கள், கால் மணி நேரத்தில் சப்பென்று ஆகிவிடும். கிளாஸில் ஊற்றும்போதுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். அதற்கென்று கை பழகிய ஒரு பையனை நிறுத்துங்கள். அவன் கேட்டுக் கேட்டு ஊற்றித் தருவதே விருந்தினருக்கு மரியாதையாக இருக்கும்.

அளவு: சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கு இரண்டு கிளாஸ், கால் லிட்டர் வீதம். 250 பேருக்கு 125 லிட்டர். வழக்கமாக பீர் குடிப்பவர்கள் மூன்று நான்கு கிளாஸ் குடிப்பார்கள், அதனால் 150 லிட்டருக்குத் திட்டமிடுங்கள். ஐஸ் ஆளுக்கு அரைக் கிலோ, அதாவது 125 கிலோ. இது அதிகம்போல் தெரியும், ஆனால் நம் ஊர் சூட்டில் பாதி உருகித்தான் போகும். ஐஸ்காரரிடம் இரண்டு தவணையாக, ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும், கொண்டு வரச் சொல்லுங்கள். பேப்பர் கப்பை விட்டுவிட்டு, அடிப்பாகம் கனமான கண்ணாடி கிளாஸை வாடகைக்கு எடுங்கள். பீரில் மிச்சமாகும் பணத்தில் இது ஒரு சிறு பங்குதான். பானக் கவுண்டர் இரண்டு வேண்டும், ஒன்று நுழைவாயிலுக்கு வெளியே, ஒன்று மேடைக்குப் பக்கத்தில். ஒன்றே ஒன்று என்றால் வரிசை நிற்கும், வரிசையில் நிற்க நம் ஆண்களுக்குப் பொறுமை கிடையாது.

ஆல்கஹால் இல்லாத பீரை வைக்கலாமா என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். வேண்டாம். அதில் சிலவற்றில் அரை சதவீதம்வரை ஆல்கஹால் இருக்கும். உங்கள் முஸ்லிம் விருந்தினர் பீர் டப்பாவைக் கண்டாலே தயங்குவார்கள், பக்கத்தில் இருக்கும் மற்ற கிளாஸ்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். எல்லாவற்றையும்விட, பத்து மாதமாக விலகி நிற்கும் மனிதருக்கு அதே வாசனை, அதே டப்பா, அதே 'சிஸ்' சத்தம் பழைய ஆசையைக் கிளப்பிவிடலாம். அந்த ஆபத்தை அவர் மகன் கல்யாணத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பானத்தோடு கொறிக்க வேண்டும், அதுவும் உட்கார்ந்த உடனே. தண்ணிப் பக்கம் போகிறவர்களுக்கு உண்மையில் பாதிச் சுகம் தொட்டுக்கொள்வதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் கச்சான் பூத்தே ஒரு தட்டு முன்பே இருக்கட்டும். ஏழரைக்கு மிளகு போட்ட மட்டன் வறுவல், கோழிப் பொரியல், சைவத்துக்குக் காளான் பொரியலும் மசால் வடையும் சூடாக மேசைக்கே வரட்டும். புஃபேயில் வைக்காதீர்கள், எழுந்து போய் எடுத்து வருகிறவர் அப்படியே வெளியே நடந்துவிடுவார். மட்டனும் கோழியும் ஹலால் கடையில் வாங்கியவை என்பதை மகனே நண்பர்களிடம் சொல்லிவிடட்டும். சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனிக் கவுண்டர் என்பதில் பெண் வீட்டார் கண்ணும் இருக்கும்.

இருக்கை விஷயத்தில் எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள்: குடிக்கிறவர்களைக் கடைசி மேசையில், வாசல் பக்கம் போட்டுவிடுவோம் என்று. அதைச் செய்யாதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் கார் பார்க் நாலு எட்டுதான். அதோடு, தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று அவர்களுக்கும் புரிந்துவிடும். துறைமுக நண்பர்கள் சேர்ந்தே உட்காரட்டும், பிரித்தால் மகிழ்ச்சி போய்விடும். ஆனால் அந்த மேசை மேடைக்கு முன்னால் இரண்டாவது வரிசையில் இருக்கட்டும், மனைவி மக்களோடு. அவர்களில் ஒருவர் நிச்சயமாகப் பாடுவார். அவரிடம் முன்கூட்டியே பேசி, எட்டு மணிக்கு இரண்டு பழைய பாட்டு பாடச் சொல்லுங்கள். பாடப் போகிறவர் குடிக்க வெளியே போவதில்லை. அவர் நண்பர்களும் அவரைக் கேட்க உள்ளே இருப்பார்கள்.

ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். குடித்தவர்கள் முதல் பாட்டிலேயே எழுந்துவிடுவார்கள், குடிக்காதவர்களுக்கு மூன்று நாலு பாட்டாவது வேண்டும். அறிவிப்பாளர் மைக்கில் பெயர் சொல்லி இழுத்தால் கூச்சம்தான் கூடும். பிள்ளைகளையும் மச்சினிமார்களையும் முதலில் ஆட விடுங்கள். உறுமி மேளம் இருந்தால் இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டு பேர் பாட்டிலோடு வரலாம். உங்களுக்குத் தெரியும் அடையாளம் இவை: கவுண்டரிலிருந்து யாரோ ஒரு பை ஐஸைத் தூக்கிப் போகிறார், சோடா பாட்டில் முழுதாகக் காணாமல் போகிறது, ஒரு மேசையில் மூன்று நாற்காலி ஒரே சமயத்தில் காலி. அப்போது நீங்களோ கணவரோ வெளியே போக வேண்டாம். இரு வீட்டிலும் வார்த்தைக்கு மதிப்புள்ள ஒருவரை முன்பே சொல்லி வையுங்கள். உங்கள் பக்கம் தாய்மாமன் பொருத்தமானவர். அவர் போய்ப் பாட்டிலைப் பற்றிப் பேசாமல், "குடும்பப் போட்டோ எடுக்கிறாங்க, வாங்க" என்று தோளைத் தொட்டுக் கூட்டி வந்தால் போதும். படப்பிடிப்பாளரிடம் எட்டரைக்கு சித்தப்பா, பெரியப்பா மார்களின் படம் என்று முன்பே குறித்து வைத்தால் இது பொய்யாகவும் இருக்காது.

யாராவது ஏற்கெனவே போதையில் வந்தால் வாசலில் தர்க்கம் வேண்டாம். உட்கார வைத்துச் சோறு போட்டு, கூட ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். போகும்போது அவர் கார் ஓட்டக் கூடாது, அதில் மட்டும் தளர்ந்துவிடாதீர்கள். 2020 அக்டோபர் முதல் நம் நாட்டில் சட்டம் கடுமையாகிவிட்டது. இரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50ஆகக் குறைந்துவிட்டது. முதல் தடவை பிடிபட்டாலே குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், சிறையும் உண்டு, லைசென்ஸும் போகும். சாப்பாடோ காப்பியோ மோரோ உள்ளே போன போதையை இறக்காது, நேரம் மட்டுமே இறக்கும். தீவிலிருந்து வருகிறவர்கள் இரவில் பாலம் கடந்து வீடு போக வேண்டும். கிராப் கூப்பிடவும் சாவியைப் பத்திரமாக வாங்கி வைக்கவும் ஒரு பையனை நியமியுங்கள், மறுநாள் காரை வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கணவரைப் பற்றி இரண்டு விஷயம். அன்று மாலை முழுதும் அவர் கையில் நிரம்பிய கிளாஸ் ஒன்று இருக்கட்டும். கை காலியாக இருக்கும் ஆளிடம்தான் "ஒரு சிப் மட்டும்" என்று நீட்டுவார்கள். அப்புறம், பத்தரைக்கு டின்னர் முடிந்ததும் சிலர் வேறெங்காவது உட்காரப் போவார்கள். அது அவர்கள் விருப்பம், நீங்கள் தடுக்கவும் வேண்டாம், ஏற்பாடு செய்யவும் வேண்டாம். ஆனால் கணவர் அவர்களைக் காரில் கொண்டுபோய் விடக் கூடாது. பத்து மணிக்கு ஒரு தே தாரிக் கவுண்டர் திறந்து, அதன் பக்கத்திலேயே வாசலில் விருந்தினரை வழியனுப்பும் வேலையை அவருக்குக் கொடுங்கள். கடைசி ஆள் போகும்வரை அவருக்கு அங்கே வேலை இருக்கும்.

மூத்தார் விஷயத்துக்கு வருகிறேன். வரமாட்டேன் என்று அவர் சொன்னது பெரும்பாலும் பாட்டிலுக்காக மட்டும் இருக்காது. வீட்டுக்கு மூத்தவரைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்பதும் உள்ளே இருக்கும். முடிவை மாற்றாமலே அவர் இடத்தைக் கொடுக்க முடியும். மகன் போகும்போது டின்னரில் இரண்டு பொறுப்பைக் கேட்கட்டும்: பெண் வீட்டு மூத்தவரை வாசலில் வரவேற்பது, மேடையில் மணமக்களை முதலில் ஆசீர்வதிப்பது. உங்கள் கணவர் பிறகு தனியாகப் போய், பேச வேண்டியதைப் பேசட்டும், ஆனால் டின்னரைப் பற்றி அல்ல. அப்படியும் அவர் வரவில்லை என்றால் அவர் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்காதீர்கள். எட்டு மணிக்கு மகன் ஒரு தடவை போன் செய்து, "பெரியப்பா, சாப்பாடு இன்னும் ஆரம்பிக்கல, கிளம்பி வாங்க" என்று கூப்பிடட்டும். வராவிட்டால், மறுநாள் காலை மணமக்கள் இருவரும் பழத்தட்டோடு அவர் வீட்டுக்குப் போய் ஆசீர்வாதம் வாங்கி வரட்டும். நேற்று ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்க வேண்டாம்.